எத்தனை நள்ளிரவு?

அல்சூரில் இருக்கும் என் தங்கை மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன மாதம் ஒரு ராத்திரி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். யாரோ மேஜை மேல் வைத்துச் சாய்வாக எடுத்த படம். மேலே ஒரு மாதக் காலண்டர், கீழே ஒரு ரயில் அட்டவணை, அதற்கும் கீழே இரண்டு கேள்விகள். படத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. “மாமா, விடைத்தாள்ல வேற மாதிரி போட்டிருக்கு. நான் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்துட்டேன்” என்று கீழே எழுதியிருந்தாள்.

காலண்டர் 2025 நவம்பர். மாதத்தின் முதல் தேதி சனிக்கிழமைக் கட்டத்தில் இருந்தது. ரயில், பெங்களூரிலிருந்து புது டெல்லி போகும் கர்நாடகா எக்ஸ்பிரஸ். கேள்வியில் கொடுத்திருந்த நேரப்படி வண்டி மெஜஸ்டிக்கில் 19.20க்குப் புறப்பட்டு, புது டெல்லியில் 09.00க்கு நிற்கிறது. 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஏறிய ஒருவர் எவ்வளவு நேரம் பயணம் செய்தார் என்பது முதல் கேள்வி. அவர் ஏறிய நாளுக்கு 100 நாள் கழித்து என்ன கிழமை என்பது இரண்டாவது. அவள் விடை 13 மணி 40 நிமிடம், சனிக்கிழமை. விடைத்தாளில் 37 மணி 40 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை.

அவள் கூட்டலில் பிழை இல்லை. கழித்தலிலும் இல்லை. இரண்டு கேள்வியிலும் அவள் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்தே புரிந்தது. எண்ண வேண்டியது ஒன்று, அவள் எண்ணியது வேறொன்று.

காலண்டர் தாளைப் பாருங்கள். நாள் என்பது ஒரு கட்டம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடுதான் நள்ளிரவு. கழிந்த நேரத்தையும், பல நாள் கழித்து வரும் கிழமையையும் கண்டுபிடிக்க வேண்டுமானால் எத்தனை கோடுகளைத் தாண்டினோம் என்று எண்ண வேண்டும். ஆனால் நம் பேச்சு வழக்கும், ரயில்வேயும், சாஸ்திர சம்பிரதாயமும் பெரும்பாலும் எண்ணுவது கட்டங்களை. கட்டங்கள் எப்போதும் கோடுகளைவிட ஒன்று கூடுதல். குழப்பத்தின் பெரும் பகுதி இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

படத்தில் வெட்டுப்பட்ட வலது ஓரத்தில் ‘நாள்’ என்ற பத்தி இருந்திருக்க வேண்டும். ரயில் அட்டவணைகளில் புறப்படும் நாளை 1 என்று போடுவார்கள். முதல் நள்ளிரவைத் தாண்டியதும் 2, அடுத்ததைத் தாண்டியதும் 3. டெல்லிக்கு நேரே அந்தப் பத்தியில் 3 இருந்திருக்கும். 3 என்றவுடன் மூன்று நாள் பயணம் என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு. மூன்று கட்டங்களில் வண்டி கால் வைக்கிறது. தாண்டும் கோடுகள் இரண்டுதான். அட்டவணையில் உள்ள நாள் எண்ணிலிருந்து 1 கழித்தால் நள்ளிரவுகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

பிறகு கணக்கு எளிது. வெள்ளி 19.20லிருந்து அன்றைய நள்ளிரவு வரை 4 மணி 40 நிமிடம். முதல் நள்ளிரவிலிருந்து இரண்டாவது நள்ளிரவு வரை, அதாவது சனி முழுவதும், 24 மணி. ஞாயிறு காலை 9 வரை இன்னும் 9 மணி. மூன்றையும் சேர்த்தால் 37 மணி 40 நிமிடம். இப்படித் துண்டு போடாமல் ஒரே வரியிலும் எழுதலாம். சேரும் நேரத்தோடு நள்ளிரவு ஒவ்வொன்றுக்கும் 24 சேர்த்து, புறப்பட்ட நேரத்தைக் கழித்தால் போதும். 9.00 + 48.00 − 19.20. விடை அதேதான். ஆனால் துண்டு போடுகிறவர்கள் குறைவாகவே தவறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

இந்த மூன்றாம் நாள் கணக்கு நமக்குப் புதிதல்ல. சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போகிற எந்தத் தமிழ்க் கிறிஸ்தவரைக் கேட்டாலும் வெள்ளிக்கிழமை சிலுவையில் மரித்த ஏசு மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பார், அந்த நாள் ஞாயிறு. வெள்ளி, சனி, ஞாயிறு: கட்டங்கள் மூன்று, கோடுகள் இரண்டு. கர்நாடகா எக்ஸ்பிரஸும் அதே வெள்ளியில் கிளம்பி அதே ஞாயிறில் சேர்கிறது. இந்துக் குடும்பங்களில் பதினாறாம் நாள் காரியம் என்கிறோம். இறந்த நாளையும் சேர்த்து எண்ணுவதால் வெள்ளிக்கிழமை இறந்தவருக்குப் பதினாறாம் நாள் சனிக்கிழமை வரும், ஏனென்றால் தாண்டிய கோடுகள் 15. வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதுதான். வாரத்துக்கு ஏழு நாள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

என் தங்கை மகள் இரண்டாவது கேள்வியில் செய்ததும் இதையே. 14ஆம் தேதியை 1 என்று வைத்துத் தொடங்கி 100 வரை எண்ணியிருக்கிறாள். அது 100ஆவது நாள். கேட்டது 100 நாள் கழித்து. முன்னது 99 கோடு, பின்னது 100 கோடு. ஆகவே அவளுக்குச் சனி வந்தது, விடை ஞாயிறு. ஒருவேளை கேள்வியில் ‘100ஆவது நாள்’ என்று இருந்திருந்தால் அவள் விடைதான் சரி. தமிழில் இந்த இரண்டு சொற்றொடருக்கும் நடுவே வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்பட்ட வினாத்தாள்களில் அது அடிக்கடி கலங்கிப் போகிறது. அப்படிப்பட்ட கேள்விக்கு மாணவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த ஒரு கட்டத் தவறு ஒரு பேரரசையே ஆட்டியிருக்கிறது. ஜூலியஸ் சீசர் கி.மு. 46இல் ரோமானியக் காலண்டரைத் திருத்தி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டச் சொன்னார். ரோமானியர்களும் நம் பதினாறாம் நாளைப் போலத் தொடக்கத்தையும் சேர்த்து எண்ணுகிறவர்கள். சீசர் கொல்லப்பட்ட பிறகு பூசாரிகள் ‘நான்காம் ஆண்டு’ என்பதைத் தங்கள் வழக்கப்படி எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிவிட்டார்கள். 36 ஆண்டுகளில் 9 நாள் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் 12 நாள் சேர்ந்தது. பின்னால் வந்த அகஸ்டஸ் மூன்று லீப் நாட்களை விட்டுவிடச் சொல்லிச் சரி செய்தார்.

சரி, 100 கோடு தாண்டினால் ஏன் ஞாயிறு? கிழமை ஏழு கோட்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. 98 கோடு தாண்டும்போது 14 முழு வாரம் முடிந்து மறுபடி வெள்ளிக்கு வந்துவிட்டோம். மீதி 2. வெள்ளிக்கு இரண்டு தள்ளி ஞாயிறு. பயிற்சி மையங்களில் இந்த மீதியை ‘ஆட் டேஸ்’ என்கிறார்கள். தேதி தெரிய வேண்டுமானால்தான் மாதங்களைத் தொட வேண்டும். நவம்பரில் 16 நாள், டிசம்பரில் 31, ஜனவரியில் 31, ஆக 78. நூறுக்கு இன்னும் 22. எனவே 2026 பிப்ரவரி 22. அந்த மாதம் முதல் தேதியே ஞாயிறு என்பதால் 22ஆம் தேதியும் ஞாயிறு. இரண்டு வழியில் போய் ஒரே கிழமையில் வந்து நிற்கிறோமா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காலண்டர்ப் படத்தில் மாதம் தெரிந்து ஆண்டு வெட்டுப்பட்டிருந்தால் என்ன ஆகும்? நவம்பர் 1 சனிக்கிழமையாக வரும் ஆண்டு 2025 மட்டுமல்ல. 2014இலும் அப்படித்தான் வந்தது, 2031இலும் வரும். 14ஆம் தேதியிலிருந்து 120 நாள் கழித்து என்ன கிழமை என்று கேட்டால் ஆண்டு தெரியாமலே சொல்லலாம், மீதி 1, சனி. என்ன தேதி என்று கேட்டால் சொல்ல முடியாது. 2025இலிருந்து எண்ணினால் மார்ச் 14. 2031இலிருந்து எண்ணினால், நடுவே 2032இன் பிப்ரவரி 29 வந்து விழுவதால், மார்ச் 13. நாள் எண்ணிக்கையைக் கொடுத்துக் கிழமை கேட்கும்போது லீப் ஆண்டு கணக்கில் வராது. தேதியைக் கொடுத்துக் கிழமை கேட்கும்போது வரும். லீப் ஆண்டா இல்லையா என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் எது கேட்கப்படுகிறது என்று பார்த்தால் பாதி வேலை மிச்சம்.

இனி வெட்டுப்பட்ட படத்துக்கு வருவோம். ‘நாள்’ பத்தி கண்ணுக்குத் தெரியாதபோது எத்தனை நள்ளிரவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 19.20க்குக் கிளம்பி 09.00க்குச் சேர்வதால் ஒரு நள்ளிரவாவது உண்டு என்பது உறுதி. ஒன்று என்றால் 13.40, இரண்டு என்றால் 37.40, மூன்று என்றால் 61.40. அட்டவணை இதற்கு மேல் உதவாது, தூரம் உதவும். பெங்களூருக்கும் டெல்லிக்கும் ரயில் பாதை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். 13.40 என்றால் சராசரி வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர். வந்தே பாரத் வண்டிக்கே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 160. 61.40 என்றால் மணிக்கு 39 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ் வண்டிக்கு அது நொண்டி நடை. 37.40இல் 64 வருகிறது. அதுதான் நம் எக்ஸ்பிரஸ்களின் வழக்கமான வேகம். தங்கை மகள் 13.40 என்று எழுதிய கணமே வேகத்தைப் போட்டுப் பார்த்திருந்தால் விடைத்தாளே தேவைப்பட்டிருக்காது.

12 மணிக் கடிகாரத்தில் எழுதிய அட்டவணைகள் இதைவிட நயமாக ஏமாற்றும். பெங்களூரிலிருந்து 10.40க்குக் கிளம்பி 4.30க்குச் சென்னை சேரும் ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். காலையா இரவா என்பது படத்தில் மங்கிவிட்டது. காலை 10.40லிருந்து மாலை 4.30 வரை 5 மணி 50 நிமிடம். இரவு 10.40லிருந்து விடியற்காலை 4.30 வரையும் அதே 5 மணி 50 நிமிடம்தான். பயண நேரம் தற்செயலாகச் சரியாக வந்துவிடும். நள்ளிரவுக் கோடு ஒன்று இருந்ததா இல்லையா என்பது அந்த விடையில் தெரியாது. அடுத்த கேள்வியில் கிழமை கேட்கும்போதுதான் கால் வாரும்.

புள்ளி வைத்து 19.20 என்று எழுதும் பழக்கத்தாலும் ஒரு தொல்லை. கால்குலேட்டரில் 24.00 − 19.20 என்று தட்டினால் 4.80 வரும். 60ஐக் கடன் வாங்க வேண்டிய இடத்தில் அது 100ஐக் கடன் வாங்குகிறது. 24ஐயும் 9ஐயும் சேர்த்தால் 37.80. நிமிடம் 80 ஆக இருக்க முடியாதே என்று சிலர் அதை 38 மணி 20 நிமிடமாக மாற்றி எழுதிவிடுகிறார்கள். சரியான விடைக்கும் இதற்கும் வேறுபாடு 40 நிமிடம். ஒரு கடனுக்கு எப்போதும் 40தான், அதாவது 100க்கும் 60க்கும் உள்ள இடைவெளி. உங்கள் விடை விடைத்தாளிலிருந்து சரியாக 40 நிமிடம் விலகினால் குற்றவாளி யார் என்று தேட வேண்டாம்.

இதுவரை நள்ளிரவுதான் கோடு என்று எடுத்துக்கொண்டோம். தமிழர்களுக்கு அது இயல்பான கோடு அல்ல. பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில் மாறுகிறது. வெள்ளி இரவு 12 தாண்டி 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் சனிக்கிழமைத் தேதி இருக்கும். ஜாதகத்தில் வெள்ளிக்கிழமை என்றே எழுதுவார்கள். நாமும் பேச்சில் வெள்ளிக்கிழமை ராத்திரி 2 மணி என்றுதான் சொல்கிறோம். ஜாதகக்காரருக்கு நள்ளிரவைத் தாண்டிக் கழிக்கும் தொல்லையே கிடையாது. அவர் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிறார், ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். அன்று காலை 6.20க்கு உதயம் என்றால் அதிகாலை 2 மணி என்பது 49 நாழிகை 10 விநாழிகை. நடுவே எந்தக் கோடும் இல்லை. ஆரியபட்டர் இந்த இரண்டு வழியையும் கையாண்டிருக்கிறார்: ஆரியபட்டீயத்தில் நாள் உதயத்தில் தொடங்குகிறது, அவருடைய இன்னொரு கணித முறையில் நள்ளிரவில் தொடங்குகிறது. ஆக, எந்தக் கோடு என்று சொல்லாமல் கிழமை கேட்பது அரைக் கேள்வி. ரயில்வே அட்டவணையோடு கேட்டால் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்வது நியாயம்.

கோடுகளை மட்டும் எண்ணி, மீதியை வைத்துக் கிழமை சொல்லும் முறை பஞ்சாங்கக்காரர்களுக்கு மிகப் பழையது. கலியுகம் தொடங்கியதாக அவர்கள் கொள்ளும் நாள் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அதிலிருந்து கழிந்த நாட்களின் எண்ணிக்கைக்கு அகர்கணம் என்று பெயர். அதை 7ஆல் வகுத்து மீதி 0 என்றால் வெள்ளி, 1 என்றால் சனி. நம் ரயில் புறப்பட்ட 2025 நவம்பர் 14க்கு அகர்கணம் 18,72,528. ஏழால் வகுத்தால் 2,67,504 வாரம், மீதி எதுவும் இல்லை. வெள்ளி. ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நாட்களை எண்ணி வந்தும் மீதி ஒரு விரலில் அடங்கிவிடுகிறது. அகர்கணத்தைக் கணக்கிடும்போது ஒரு நாள் முன்பின் ஆவது சகஜம். பஞ்சாங்கக்காரர் அன்றைய கிழமையோடு ஒப்பிட்டு அதைச் சரி செய்துகொள்வார். கிழமைதான் அங்கே கணக்குக்குக் காவல்.

இந்தக் கணக்கை ஒரு தமிழர் போட்டுக் காட்டியதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825இல் ‘கால சங்கலிதம்’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாகத் தெரிந்த வாய்பாடுகளைக் கொண்டு, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கிரகணம் 1825 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்தது. தொடக்கம் சில நிமிட வேறுபாட்டில் பொருந்தியது, முடிவு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிசகியது. அவர் முறையின் முதல் படி கலி தொடங்கி எத்தனை நாள் என்பது. அடுத்தடுத்த படிகள், அந்த எண்ணிலிருந்து பெரிய சுற்றுகளை நீக்கி மீதியை மட்டும் வைத்துக்கொள்வது. கிழமைக்கு 7 எப்படியோ, சந்திரனுக்கு 248 நாள் அப்படி ஒரு சுற்று. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பெண் செய்வதும் அந்தப் பெரியவர் செய்ததும் ஒரே வேலை, இவளிடம் சோழி இல்லை, அவ்வளவுதான்.

கோடுகளை எண்ணும் முறை ஓரிடத்தில் கைவிடும். புறப்படும் இடத்தின் கடிகாரமும் சேரும் இடத்தின் கடிகாரமும் ஒன்றாக இருந்தால்தான் கழித்தலுக்குப் பொருள் உண்டு. ரயில் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். இன்று நாடு முழுவதற்கும் ஒரே நேரம். சில வெளிநாடுகளைப் போல வெயில் காலத்தில் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் வழக்கமும் இப்போது இல்லை. விமானம் அப்படியல்ல. 2021 ஜனவரி 9, சனிக்கிழமை, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் கிளம்பியது. விமானி அறையில் எல்லோரும் பெண்கள் என்பதால் நிறையப் பேருக்கு நினைவிருக்கும். அட்டவணைப்படி அங்கே இரவு 8.30க்குப் புறப்பாடு, இங்கே 11ஆம் தேதி திங்கள் அதிகாலை 3.45க்கு வருகை. இரண்டு நள்ளிரவு என்று எண்ணிக் கழித்தால் 31 மணி 15 நிமிடம் வரும். அங்கே குளிர்காலத்தில் கடிகாரம் நம்மைவிட 13 மணி 30 நிமிடம் பின்னால். அதைக் கழித்தால் 17 மணி 45 நிமிடம். பயணிகள் தாண்டிய கோடுகளில் ஒன்று உண்மையில் கழிந்த காலமே அல்ல, கடிகாரத்தைத் திருப்பியதால் வந்தது. ஞாயிற்றுக்கிழமையின் பெரும் பகுதி அவர்களுக்கு வரவே இல்லை.

இந்தக் கணக்கில் தேர்வு மதிப்பெண்ணைவிட விலை அதிகமான தவறு ரயில் நிலையத்தில்தான் நடக்கிறது. மெஜஸ்டிக்கில் வெள்ளி இரவு 11.50க்குக் கிளம்பும் வண்டி கே.ஆர்.புரம் வரும்போது 12 தாண்டியிருக்கும். வண்டி ஒன்றுதான், ஆனால் மெஜஸ்டிக்கில் ஏறுகிறவரின் டிக்கெட்டில் வெள்ளிக்கிழமைத் தேதி, கே.ஆர்.புரத்தில் ஏறுகிறவரின் டிக்கெட்டில் சனிக்கிழமைத் தேதி. வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் வண்டி என்றால் அது ஓடும் கிழமையும் நிலையத்துக்கு நிலையம் மாறும். என் மைத்துனர் ஒருமுறை 15ஆம் தேதி 00.15 என்று போட்ட டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 15ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டார். வண்டி கிளம்பி அப்போது ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகியிருந்தது.

உங்கள் டிக்கெட்டில் மணி 00 என்று தொடங்கினால், அதில் உள்ள தேதிக்கு முந்தைய நாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நிலையத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.